முறுக்கு சுற்றும் கைக்கு ஒரு கணக்கு

விடியற்காலை மூன்று மணி இருக்கும். கும்பகோணத்தில் சித்தி வீட்டுக் கூடத்தில் படுத்திருந்த எனக்கு விழிப்பு வந்தது. சித்தி எழுந்து உட்கார்ந்து, நீர் சொட்டும் கையை உதறுவது போல வலது கையை உதறிக்கொண்டிருந்தார். விளக்கைப் போட்டேன்.

"என்ன சித்தி?"

"ஒண்ணுமில்லடி, நீ தூங்கு. கை மரத்துப் போச்சு. ரெண்டு உதறு உதறினா சரியாயிடும். தினம் நடக்கறதுதானே."

தினம் என்று அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். இரவில் மரத்துப்போய் எழுப்பி, உதறினால் தெளியும் கையைப் பற்றிப் படித்திருக்கிறேன், பலருக்குச் சிகிச்சையும் தந்திருக்கிறேன். அது என் வீட்டிலேயே ஓர் ஆண்டாக இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

சித்தி கல்யாணச் சீருக்கும் தீபாவளிக்கும் கை முறுக்கு சுற்றித் தருபவர். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் துணைக்கு வருவார். அச்சில் பிழிவதில்லை. மாவைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடித்து, திருகித் திருகி இழையாக விட்டு, வட்டம் வட்டமாகச் சுற்றுவது. அன்று காலை அவர்கள் வேலையில் உட்கார்ந்ததும் நானும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை முறுக்கு என்று சித்திக்குத் தெரியும். அத்தனை முறுக்குக்குக் கை எத்தனை தரம் திருகுகிறது என்று இருவருக்குமே தெரியாது.

ஒரு நாளைக்கு இருநூறு மீட்டர்

ஓர் ஐந்து சுற்று முறுக்கை எடுத்து, சுற்றுகளின் மேல் நூலை ஓட்டி அளந்தேன். உள் வட்டத்தின் குறுக்களவு இரண்டு சென்டிமீட்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கூடிக்கொண்டே போகிறது. ஐந்து சுற்றையும் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். சித்தியின் விரல் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு முறை திருகுகிறது. ஆக, ஒரு முறுக்குக்கு 80 திருகல்.

சீர் வேலை இருக்கும் நாளில் அவர் பங்குக்கு 250 முறுக்கு சுற்றுவார். ஒரு முறுக்குக்கு ஒன்றரை நிமிடம் என்றால் ஆறே கால் மணி நேரம். மாவின் நீளம் 200 மீட்டர். கட்டை விரல் 20,000 தடவை மாவை அழுத்தித் திருகியிருக்கிறது.

இன்னொரு கணக்கும் அப்போதுதான் புரிந்தது. சீருக்குச் சிலர் ஏழு சுற்று, ஒன்பது சுற்று கேட்பார்கள். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நான்கு சுற்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் வெளிச் சுற்று ஒவ்வொன்றும் உள் சுற்றைவிடப் பெரியது. மூன்று சுற்றின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர், ஐந்து சுற்று 80, ஏழு சுற்று 150, ஒன்பது சுற்று ஏறக்குறைய 240. ஒன்பது சுற்று முறுக்கு ஒன்று, ஐந்து சுற்று முறுக்கு மூன்றுக்குச் சமம். அதுவரை சித்தி ஒன்பது சுற்றுக்கு இரு மடங்கு கூலி வாங்கிக்கொண்டிருந்தார். கையோ மும்மடங்கு உழைத்திருந்தது.

வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைகளில் உடம்பு கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். தூக்குவது பெரிய சுமையாக இருக்காது. ஒவ்வொரு அசைவும் மிகச் சிறியது, வலிக்காதது. அதனாலேயே யாரும் எண்ணுவதில்லை. இதை முதலில் விரிவாக எழுதியவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர். தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700-இல் அவர் வெளியிட்டு, 1713-இல் விரிவாக்கிய நூலில், எழுத்தர்களின் உடல்நலக் கேட்டுக்கு மூன்று காரணங்கள் சொல்கிறார்: இடைவிடாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே போக்கில் ஓயாமல் அசைவது, பிழை வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம். இறகுப் பேனாவுக்குச் சொன்னது இழை முறியாமல் சுற்றும் சித்திக்கும் அப்படியே பொருந்துகிறது.

தோலுக்குக் கீழே நடப்பது

மணிக்கட்டின் உள்பக்கம், உள்ளங்கை தொடங்கும் இடத்தில் ஒரு குறுகிய குகை இருக்கிறது. மூன்று பக்கம் எலும்பு, மேலே கூரை போல ஒரு தடித்த நார்ப்பட்டை. மருத்துவர்கள் இதைக் கார்ப்பல் டனல் என்பார்கள். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் இந்தக் குகை வழியாகத்தான் கைக்குள் போகின்றன. தசைநாண்கள் உறைக்குள் வழுக்கி ஓடும் கயிறுகள் மாதிரி. ஒரே அசைவு அழுத்தத்தோடு ஆயிரக்கணக்கில் நடக்கும்போது சுற்றியுள்ள உறை தடிக்கிறது. எலும்பும் நார்ப்பட்டையும் இடம் கொடுக்காது. நசுங்குவது நரம்பு.

அந்த நரம்பு உணர்வு தருவது கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி. சுண்டு விரலுக்கு வேறு நரம்பு. ஆகவே, "எந்த விரல் மரத்துப்போகிறது?" என்பதுதான் முதல் கேள்வி. சித்தி முதலில் முழுக் கையும் என்றார். அடுத்த இரவு மரத்துப்போனபோது சுண்டு விரலைத் தனியாகக் கிள்ளிப் பார்க்கச் சொன்னேன். சுண்டு விரலில் உணர்வு சரியாக இருந்தது. ஐந்து விரலும் ஒன்றாக மரத்தால், அல்லது கழுத்திலிருந்து வலி இறங்கினால், வேறு காரணமும் தேட வேண்டும்.

வேலை பகலில் செய்ய, மரத்துப்போவது ஏன் இரவில்? மணிக்கட்டு நேராக இருக்கும்போது குகைக்குள் அழுத்தம் குறைவு. முன்னால் மடங்கினாலும் பின்னால் வளைந்தாலும் அழுத்தம் ஏறும். தூக்கத்தில் நாம் கையை மடக்கித் தலைக்கோ கன்னத்துக்கோ அடியில் வைத்துக்கொள்கிறோம். பகலில் வீங்கிய உறை, இரவில் மடங்கிய மணிக்கட்டு என்று இரண்டும் சேர்ந்து நரம்பை எழுப்புகின்றன, நரம்பு நம்மை எழுப்புகிறது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மரமரப்பு இல்லை. ஆனால் பால் பாத்திரத்தைத் தூக்கினால், துணியைப் பிழிந்தால், கட்டை விரல் பக்க மணிக்கட்டில் சுருக்கென்று குத்தும். இது வேறு இடம், வேறு கோளாறு. கட்டை விரலை விரித்துத் தூக்கும் இரண்டு தசைநாண்கள் அங்கே ஒரே உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்து அவற்றை இறுக்கிவிடுகிறது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வெயின் இதை 1895-இல் விவரித்ததால் நோய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கும் இது வருவதுண்டு.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழே தொங்கும்படி மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். கட்டை விரல் முதல் நடுவிரல் வரை மதமதவென்று வந்தால் முதல் கோளாறின் சாயல் அது. கட்டை விரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடி, முட்டியைச் சுண்டு விரல் பக்கம் மெல்லச் சாயுங்கள். கட்டை விரல் பக்கம் கூர்மையாக வலித்தால் இரண்டாவதன் சாயல். இதில் நல்ல கைக்கும் கொஞ்சம் இழுக்கும். அதனால் மற்ற கையையும் அதேபோல் சாய்த்து ஒப்பிட வேண்டும். இவை மருத்துவரிடம் சரியாகச் சொல்ல உதவும் குறிப்புகள். இவற்றை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது.

மாவின் பதமே மருந்து

நாங்கள் முதலில் மாற்றியது மாவை. கேட்டபோது சித்திக்கு வியப்பாக இருந்தது.

வழக்கமாக அவர் காலையில் ஒரே அடியாக மாவு பிசைந்து அகலப் பாத்திரத்தில் வைத்துக்கொள்வார். முதல் ஐம்பது முறுக்கு வரை இழை பட்டுப்போல் ஓடும். பிறகு மாவின் மேல்பகுதி காயத் தொடங்கும். காய்ந்த மாவில் விரிசல் விடும், இழை முறியும். முறியாமல் இருக்க விரல் தானாகவே இறுக்கிப் பிடிக்கும். மாவு எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு விசை கட்டை விரலின் அடிமூட்டுக்கும் மணிக்கட்டுக்கும் போகிறது. மதியத்துக்கு மேல் கை கனத்துப்போவது களைப்பு என்று நினைத்திருந்தார். பாதிக்குமேல் அது காய்ந்த மாவின் வேலை.

ஆகவே அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், உப்பு எல்லாவற்றையும் உலர்வாகக் கலந்து வைத்துக்கொண்டோம். தண்ணீர் விட்டுப் பிசைவது ஒரு தடவைக்குப் பதினைந்து முறுக்குக்கு மட்டும். பிசைந்ததை ஈரத்துணியால் மூடி, ஒரு எலுமிச்சம்பழ அளவு மட்டுமே கையில் எடுப்பது. அரிசி மாவைச் சலிக்கும் கண்ணும் நுண்மையாக வேண்டும். ஒரு குருணை சிக்கினாலும் இழை அங்கே அறுந்து, அந்த இடத்தைத் திரும்பத் திருக வேண்டியிருக்கும். விரலில் எண்ணெய் தொட்டுக்கொள்வதற்கும் அளவு உண்டு. கொஞ்சம் தடவினால் மாவு ஒட்டாது. அதிகமானால் வழுக்கும், வழுக்கும் பொருளை விரல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

பதினைந்து முறுக்கு என்று வைத்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சுற்றி முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். மாவு தீர்ந்ததும் அடுத்ததைப் பிசைய எழுந்தாக வேண்டும். கடிகாரம் பார்த்து ஓய்வெடுக்கச் சொன்னால் சித்தி கேட்கமாட்டார், கேட்கவும் முடியாது. பாதிச் சுற்றில் யார் எழுந்திருப்பார்கள்? மாவு தீர்ந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். இப்போது அந்த வீட்டில் மாவுதான் கடிகாரம்.

கையைத் திருப்பாதே, தட்டைத் திருப்பு

அடுத்தது உட்காரும் இடம். தரையில் பழைய வேட்டித் துணியை விரித்து அதன் மேல் வரிசையாகச் சுற்றிக்கொண்டே போவது வழக்கம். தூரத்து வரிசைக்குக் கை நீள நீள முதுகு கூன் விழும், கழுத்து தொங்கும். அதோடு, துணி அசையாது என்பதால் வட்டத்தின் மறுபக்கத்தைச் சுற்ற மணிக்கட்டுதான் வளைந்து வளைந்து போக வேண்டும். மணிக்கட்டு வளைந்திருக்கும்போது குகைக்குள் அழுத்தம் ஏறும் என்று பார்த்தோமே, அந்த வளைவோடுதான் ஆயிரக்கணக்கான திருகல் நடந்துகொண்டிருந்தது.

துணியைத் தள்ளிவைத்துவிட்டு, கவிழ்த்த சின்னத் தட்டுகளைக் கொண்டுவந்தோம். தட்டின் முதுகில் சதுரமாக வெட்டிய எண்ணெய்த் தாளைப் போட்டு அதன் மேல் சுற்றுவது. வலக் கை ஒரே இடத்தில், மணிக்கட்டு நேராக, மாவை மட்டும் திருகும். இடக் கை தட்டைச் சுழற்றும். முதல் நாள் வட்டம் கோணியது. நான்காம் நாள் பழையபடி வடிவம் வந்துவிட்டது.

தட்டு இருக்கும் உயரமும் முக்கியம். முழங்கை விலாவை ஒட்டித் தொங்க, முன்கை சற்றே கீழ்நோக்கி இருக்கும் உயரம் வசதியானது. மேசையும் நாற்காலியும் உள்ள வீட்டில் அது எளிது. சித்திக்குத் தரைதான் பழக்கம். அவர் உட்கார ஒரு மணைப்பலகையும் எதிரில் தட்டை வைக்க ஒரு குட்டை முக்காலியும் போட்டோம். மணை உயர்ந்ததால் முழங்காலின் மடிப்பு குறைந்தது. முக்காலி உயர்ந்ததால் கழுத்து நிமிர்ந்தது. மாவு மாற்றும்போதெல்லாம் காலை மாற்றி மடக்கிக்கொள்வார். விளக்கை இடப் பக்கம் தள்ளிவைத்தோம். வலக் கையின் நிழல் முறுக்கின் மேல் விழாவிட்டால் குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

ஓய்வு போலத் தோன்றும் வேலை

எழுந்தபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சித்தி முறுக்கு சுற்றி அலுத்தால் ஆறிய முறுக்கைப் பொட்டலம் கட்டி முடிச்சுப் போடுவார். இல்லாவிட்டால் இரவுச் சமையலுக்கு வெங்காயம், பூண்டு உரிப்பார். அக்கா கைப்பேசியை எடுத்துக் கட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். மூன்றும் வேறு வேலை போலத் தெரிகின்றன. மூன்றிலும் உழைப்பது அதே கட்டை விரல், அதே கிள்ளுப் பிடி. மனம் மாறியிருக்கிறது, கை மாறவில்லை.

கைக்கு ஓய்வு என்றால் கிள்ளுப் பிடி இல்லாத வேலை. எழுந்து நடந்துபோய்த் தண்ணீர் குடிப்பது, எண்ணி டப்பாவில் அடுக்குவது, வாசலுக்குப் போய்வருவது. அடுப்பில் நின்று பொரிப்பது சித்திக்குச் சரிப்பட்டது. உட்கார்ந்திருந்த காலுக்கும் முதுகுக்கும் அது மாற்றம். அக்காவுக்குச் சரிப்படவில்லை. கண் கரண்டியில் முறுக்கை அள்ளித் தூக்கும் அசைவு அவருக்கு வலிக்கும் தசைநாணையே இழுத்தது. வலி இருக்கும் இடம் தெரிந்தால்தான் எந்த வேலை ஓய்வு, எந்த வேலை உபத்திரவம் என்று சொல்ல முடியும்.

அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் விரல்களை முழுவதும் விரிப்பது, முழுவதும் மடக்குவது, மணிக்கட்டை மெல்லச் சுழற்றுவது, தோளைக் காதுவரை தூக்கி விடுவது போதும். வலிக்க வலிக்க இழுக்கும் பயிற்சி வேண்டாம். வீங்கிய உறையை மேலும் இழுத்தால் மேலும் வீங்கும். பயிற்சி செய்துகொண்டே தினமும் 200 மீட்டர் சுற்றினால் பயிற்சியால் ஒன்றும் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பண்டிகைக்கு முன் பதினொரு நாள்

பல கைகள் கெடுவது பண்டிகைக்கு முந்தைய வாரத்தில். சும்மா இருந்த கை திடீரென்று நாளைக்கு ஆறு மணி நேரம் உழைக்கிறது. தசைநாண் வேலைக்குப் பழகக்கூடியதுதான். ஆனால் படிப்படியாகவே பழகும்.

முந்தைய தீபாவளிக்குச் சித்தி கடைசி நான்கு நாளில், நாளுக்கு 200 மீட்டர் வீதம் 800 மீட்டர் சுற்றியிருந்தார். ஐந்து சுற்றில் ஆயிரம் முறுக்கு. நன்றாக வேகும்படி பொரித்து, முழுக்க ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் கை முறுக்கு இரண்டு வாரம் மொறுமொறுப்பு குறையாமல் இருக்கும். பிறகு எதற்குக் கடைசி நான்கு நாள்? அதே 800 மீட்டரைப் பதினொரு நாளுக்குப் பிரித்தோம். முதல் நாள் 40 மீட்டர், அடுத்து 60, பிறகு இரண்டு நாள் 80, இரண்டு நாள் 100. ஏழாம் நாள் முழு விடுப்பு. பிறகு 100, 100, 80, கடைசி நாள் 60. மாதக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே மீட்டரும் அதற்குரிய முறுக்கு எண்ணிக்கையும் எழுதினோம். 100 மீட்டர் என்றால் ஐந்து சுற்றில் 125, ஒன்பது சுற்றில் நாற்பதுக்குச் சற்று மேல்.

இந்த 100 மீட்டர் மருத்துவ விதி இல்லை. சித்தியின் கைக்கு நாங்கள் கண்ட எல்லை. இன்னொருவருக்கு 150 தாங்கலாம், 50-உம் தாங்காமல் போகலாம். எல்லையைக் கண்டுபிடிக்கும் வழி எல்லாருக்கும் ஒன்றுதான். வேலை முடிந்த மாலையில் கை களைத்திருப்பது இயல்பு. மறுநாள் காலையிலும் விரல் விறைப்போ வலியோ மரமரப்போ மிச்சம் இருந்தால், முந்தைய நாளின் அளவு அந்தக் கைக்கு அதிகம். அன்றைக்குக் குறைக்க வேண்டும்.

தையலுக்கும் தட்டச்சுக்கும்

வீட்டில் தைப்பவர்களும் இதே கணக்கைப் போடலாம். மெஷின் ஓட்டுவதைவிட அவர்கள் கையைத் தேய்ப்பது ஹெம்மிங், கொக்கி, காஜா போன்ற கைவேலை. ஒரு நாள் முழுக்கக் கைவேலை, மறுநாள் முழுக்க மெஷின் என்று சேர்த்து வைப்பதைவிட, ஒரு ரவிக்கை மெஷினில், ஒரு ரவிக்கைக்குக் கைவேலை என்று மாற்றி மாற்றிச் செய்வது நல்லது. மழுங்கிய கத்தரிக்கோல் காய்ந்த மாவுக்குச் சமம். சாணை பிடித்தால் கட்டை விரலின் சுமை அன்றைக்கே குறையும்.

தட்டச்சு செய்பவர்களுக்கு எதிரி விசை அல்ல, வளைவு. விசைப்பலகையின் பின்கால்களை நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு பின்னோக்கி வளைந்தே இருக்கும். கால்களை மடக்கிப் பலகையைத் தட்டையாக வையுங்கள். மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றி அழுத்த வேண்டாம். ஒரு பத்தி முடிந்தால் கையை மடியில் இறக்குவது, அவர்களுக்கு மாவு தீர்வது போல.

மருத்துவரிடம் எப்போது

மாவும் தட்டும் மாற்றியதோடு விட்டுவிடவில்லை. சித்தியை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனையில் மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது உறுதியானது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவாகச் சுரப்பதும் தெரிந்தது. தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், முடக்குவாதம், கர்ப்பகாலம் ஆகியவற்றில் இந்தக் குகை நெருக்கடி எளிதாக வரும். முறுக்கை மட்டும் குற்றம் சொல்லியிருந்தால் தைராய்டு இன்னும் மறைந்தே இருந்திருக்கும். மரத்துப்போகும் கைக்கு ரத்தப் பரிசோதனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

தைராய்டுக்கு மாத்திரை தொடங்கியது. இரவில் மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் பட்டை ஒன்றை ஆறு வாரம் கட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார் மருத்துவர். இறுக்கிக் கட்டக் கூடாது, விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். பகலில் அதைக் கட்டிக்கொண்டு முறுக்கு சுற்றுவதும் கூடாது. பட்டையை எதிர்த்து விரல் இன்னும் அதிகமாக உழைக்கும். இரண்டாம் வாரம் வரை மாற்றம் இல்லை. மூன்றாம் வாரம் ஒரு இரவு முழுக்கத் தூங்கினார். ஆறு வாரம் முடிந்தபோது வாரத்துக்கு ஒரு முறைதான் எழுந்தார்.

அக்காவுக்குக் கட்டை விரலைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டை தந்தார்கள். மூன்று வாரம் கழித்தும் வலி குறையாததால் மருத்துவர் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார். வலி தணிந்தது. பாத்திரத்தைக் கட்டை விரல் மேலே இருக்கும்படி ஒற்றைக் கையால் தூக்காமல், இரண்டு உள்ளங்கையாலும் அடியில் தாங்கித் தூக்கப் பழகிக்கொண்டார்.

சில அடையாளங்கள் வந்தால் பட்டை கட்டிக் காத்திருக்கக் கூடாது. இரவில் வந்துபோன மரமரப்பு பகலிலும் விடாமல் நிலைப்பது, ரவிக்கைக் கொக்கி மாட்டக் கை தடுமாறுவது, டம்ளர் கைநழுவுவது, கட்டை விரலின் அடிமேடு மற்ற கையைவிடச் சப்பிப்போவது. இவை நரம்பு தேய்ந்து தசை மெலிவதன் அடையாளங்கள். அப்போது கூரை நார்ப்பட்டையை வெட்டி இடம் தரும் சிறு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். மெலிந்த தசை முழுதாகத் திரும்பும் என்ற உறுதி கிடையாது. அதனால்தான் தினம் நடக்கிறதுதானே என்று ஆண்டுக்கணக்கில் உதறிக்கொண்டே இருப்பது ஆபத்து.

சென்ற தை மாதம் ஒரு கல்யாண வீட்டார் வந்து ஒன்பது சுற்றில் 101 முறுக்கு கேட்டார்கள். மூன்று நாளில் வேண்டுமாம். சித்தி காலண்டரைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"ஒம்போது சுத்துன்னா ஒண்ணு ரெண்டரை மீட்டர் வருதுங்க. நூத்தியொண்ணுக்கு இருநூத்தம்பது மீட்டர். ரெண்டு பேர் சுத்தறோம். நாலு நாள் குடுங்க, தரேன். கூலி அஞ்சு சுத்து மாதிரி மூணு மடங்கு."

வந்தவர் யோசித்தார். நான்காம் நாள் வந்து வாங்கிப் போனார்.

அன்று இரவும் நான் அந்தக் கூடத்தில்தான் படுத்திருந்தேன். மூன்று மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. சித்தி பட்டை கட்டிய கையை நெஞ்சின் மேல் நீட்டி வைத்து, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.